டாலரும் தங்கமும் ஒன்றாக ஏறிய ஆண்டுகள்

2024 நவம்பர் 6. அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வென்ற செய்தி உலகச் சந்தைகளை எட்டிய நாள். அன்று டாலர் குறியீடு 103.4இல் இருந்து ஒரே மூச்சில் 105ஐத் தொட்டது. அதே நாளில் ஓர் அவுன்ஸ் தங்கம் 2,740 டாலர் பக்கத்திலிருந்து 2,660 வரை இறங்கியது. ஒரே நாளில் ஏறத்தாழ 3 சதவீத வீழ்ச்சி. டாலர் ஏறினால் தங்கம் இறங்கும் என்று பங்குச் சந்தைப் பக்கங்களில் படித்தவர்களுக்கு அது எதிர்பார்த்த காட்சிதான்.

ஆனால் அந்த ஆண்டு முழுவதையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. 2024 தொடங்கும்போது டாலர் குறியீடு 101 அளவில் இருந்தது, முடியும்போது 108ஐத் தாண்டியிருந்தது. தங்கமோ 2,060 டாலரில் தொடங்கி 2,620இல் முடிந்தது. டாலர் சுமார் 7 சதவீதம் வலுப்பெற்ற ஆண்டில் தங்கம் 27 சதவீதம் ஏறியிருக்கிறது. நாள் கணக்கில் விதி பலித்தது, ஆண்டுக் கணக்கில் பலிக்கவில்லை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துகொண்டால், டாலர்-தங்கம் உறவில் பாதி புரிந்துவிடும்.

உறவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் உறவு முறியும்போது பலர் திகைத்துப்போகிறார்கள்.

முதல் காரணம் வெறும் கணக்கு. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை சொல்வது டாலரில். லண்டனில் மொத்த வியாபாரம் நடந்தாலும், நியூயார்க்கில் முன்பேர வணிகம் நடந்தாலும், 31.1 கிராம் கொண்ட ஓர் அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேச்சு. டாலரின் மதிப்பு சரிந்தால், தங்கம் தன் இடத்திலேயே அசையாமல் இருந்தாலும், அதை வாங்க அதிக டாலர் தேவைப்படும். விலை ஏறியதுபோல் தெரியும். உண்மையில் இளைத்தது டாலர்தான்.

2017 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஆண்டில் டாலர் குறியீடு 102இல் இருந்து 92க்கு இறங்கியது. தங்கம் 1,150 டாலரில் இருந்து 1,300க்கு, அதாவது 13 சதவீதம் ஏறியது. இதே தங்கத்தை யூரோவில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு யூரோவுக்கு 1.05 டாலர். 1,150ஐ அதால் வகுத்தால் 1,095 யூரோ. ஆண்டு முடிவில் ஒரு யூரோவுக்கு 1.20 டாலர். 1,300ஐ வகுத்தால் 1,083 யூரோ. ஜெர்மனியில் இருப்பவருக்கு அந்த ஆண்டில் தங்கம் ஏறவே இல்லை, ஒரு சதவீதம் குறைந்தும்கூட இருந்தது. அமெரிக்காவில் ‘தங்கத்தின் நல்ல ஆண்டு’ என்று எழுதப்பட்டது முழுக்க முழுக்க டாலரின் கெட்ட ஆண்டு.

இந்தச் சிறிய வகுத்தல் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தங்க வரைபடத்தைப் படிப்பதற்கு எந்த நிபுணரின் கோடுகளையும்விட இது பயன்படும். யூரோவில் தங்கம் அசையாமல் டாலரில் மட்டும் ஏறியிருந்தால், நடந்தது டாலரின் கதை. இரண்டிலும் ஏறியிருந்தால், நடந்தது தங்கத்தின் கதை.

இரண்டாவது காரணம் வட்டி. தங்கம் வட்டி தராது, ஈவுத்தொகை தராது. பெட்டகத்தில் கிடப்பதற்கு நாம்தான் வாடகை கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசின் கடன் பத்திரம் பணவீக்கம் போக நல்ல வட்டி தரும்போது, வெறுமனே கிடக்கும் தங்கத்தை விற்றுவிட்டுப் பத்திரத்துக்குப் போவதே பெரிய நிதி நிறுவனங்களுக்கு லாபம். அதே வட்டியைத் தேடி உலகப் பணமும் அமெரிக்காவுக்கு ஓடுவதால் டாலர் வலுக்கிறது. வட்டி குறைந்தால் இரண்டும் எதிர்ப்புறம் திரும்புகின்றன. இங்கே டாலர் தங்கத்தைத் தள்ளவில்லை, தங்கமும் டாலரைத் தள்ளவில்லை. பணவீக்கம் போக மிஞ்சும் அமெரிக்க வட்டி என்ற மூன்றாமவர் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்துகிறார்.

அந்த மூன்றாமவர் பலமாக இருக்கும்வரை வரைபடம் அழகாகக் கண்ணாடிப் பிம்பம்போல் தெரியும். 2022இன் நடுப்பகுதி அப்படிப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் செப்டம்பருக்குள் 3 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. மார்ச்சில் 99 அளவில் இருந்த டாலர் குறியீடு செப்டம்பர் 28 அன்று 114ஐத் தாண்டியது. மார்ச்சில் 2,000 டாலருக்கு மேல் போய்வந்த தங்கம் செப்டம்பர் இறுதி வாரத்தில் 1,630க்கும் கீழே போனது. பாடப்புத்தகத்தில் போடலாம்.

ஆனால் அந்த வரைபடத்தில் ‘டாலர்’ என்று நாம் காண்பது எது? திரையில் DXY என்ற பெயரில் ஓடும் டாலர் குறியீடு, 1973 மார்ச்சை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுவது. ஆறு நாணயங்களோடு டாலரை ஒப்பிடுகிறது. அதில் யூரோவுக்கு மட்டும் 57.6 சதவீதப் பங்கு. அடுத்து ஜப்பானிய யென்னும் பிரிட்டிஷ் பவுண்டும் வருகின்றன, பிறகு கனடா, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து நாணயங்கள். உலகிலேயே அதிகமாகத் தங்கம் வாங்கும் சீனாவின் யுவானும் இந்தியாவின் ரூபாயும் அதில் இல்லவே இல்லை. யூரோ ஒரு சதவீதம் சரிந்தால், அமெரிக்காவில் எதுவுமே நடக்காவிட்டாலும், குறியீடு அரை சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். டாலர் குறியீடு என்பது பெரும்பகுதி யூரோவைத் தலைகீழாகப் போட்டதுதான்.

2010இல் உறவு முறிந்ததற்கு இந்தக் கட்டமைப்பே காரணம். கிரேக்க அரசு தன் கடனைக் கட்டுமா என்ற சந்தேகம் முற்றிய காலம் அது. மே 2 அன்று கிரேக்கத்துக்கு 110 பில்லியன் யூரோ மீட்பு உதவி அறிவிக்கப்பட்டது. யூரோ என்ற நாணயமே நிலைக்குமா என்று ஐரோப்பியர்கள் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 1.43 டாலராக இருந்த யூரோ ஜூன் மாதம் 1.20க்குக் கீழே போனது. டாலர் குறியீடு 78இல் இருந்து 88க்கு ஏறியது. விதிப்படி தங்கம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. 1,100 டாலர் அளவில் இருந்த தங்கம் 1,250ஐ நோக்கி ஏறியது. யூரோவில் கணக்கிட்டால் ஆறே மாதத்தில் சுமார் 770இல் இருந்து 1,040க்கு, அதாவது 35 சதவீத ஏற்றம். தங்கத்தை வாங்கியவர்கள் டாலரை நம்பாமல் வாங்கவில்லை, யூரோவை நம்பாமல் வாங்கினார்கள். யூரோவை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதி டாலருக்குப் போனது, இன்னொரு பகுதி தங்கத்துக்குப் போனது. ஓட்டம் ஒன்று, அடைக்கலம் இரண்டு. அதனால் இரண்டும் ஏறின.

பயம் வந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும் என்று இதை வைத்து ஒரு புது விதி எழுதிவிடவும் முடியாது. பயத்திலும் கட்டங்கள் உண்டு. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. சில நாட்கள் தங்கம் பாய்ந்து ஏறியது. பிறகு அக்டோபரில் 712 டாலர் வரை வீழ்ந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆயிரத்தைத் தாண்டியிருந்த தங்கம் அது. உலகமே நடுங்கும்போது தங்கம் ஏன் சரிய வேண்டும்? கடனில் வர்த்தகம் செய்த நிதி நிறுவனங்களிடம் கடன் கொடுத்தவர்கள் உடனே பணம் கேட்டார்கள். அந்தப் பணம் டாலராகத்தான் வேண்டும். பங்குகளும் பத்திரங்களும் விலைபோகாத நிலையில், நல்ல விலைக்கு உடனே விற்க முடிந்தது தங்கம். அதனால் அதையே விற்றார்கள். விரும்பாமல் விற்ற தங்கம் அது. டாலர் ஏறியது, தங்கம் இறங்கியது, பழைய உறவு வழக்கத்தைவிட இறுக்கமாகத் தெரிந்தது.

பணத் தட்டுப்பாடு தணிந்த நவம்பருக்குப் பிறகுதான் அடுத்த கட்டம். 2009 பிப்ரவரிக்குள் தங்கம் மறுபடி ஆயிரம் டாலரை நெருங்கியது. டாலர் குறியீடும் மார்ச் தொடக்கத்தில் 89ஐத் தொட்டது. 2009இன் முதல் இரண்டு மாதங்களில் இரண்டும் கைகோத்து ஏறின. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோதும் முதல் கட்டம் இதேபோலத்தான் நடந்தது. பத்தே நாளில் தங்கம் 1,680இல் இருந்து 1,470க்கு விழுந்தது, டாலர் குறியீடு 103ஐத் தொட்டது. ஆக, நெருக்கடி நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ஆட்கள் பணம் புரட்ட விற்கிறார்களா, அடைக்கலம் தேடி வாங்குகிறார்களா என்பதுதான்.

இதுவரை சொன்ன முறிவுகள் சில மாதங்கள் நீடித்தவை. 2022க்குப் பின் நடந்தது வேறு மாதிரியானது, ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்தது. சில நாட்களிலேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் மதிப்புள்ள வெளிநாட்டுக் கையிருப்பை முடக்கின. ஒரு பெரிய நாட்டின் மத்திய வங்கி, வேறு நாடுகளில் பத்திரமாகவும் வைப்பாகவும் வைத்திருந்த பணம் ஒரே இரவில் தொட முடியாததாகிவிட்டது. அது தன் சொந்தப் பெட்டகத்தில் வைத்திருந்த தங்கத்தை மட்டும் யாராலும் முடக்க முடியவில்லை. மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதன் விளைவு வாங்கும் அளவில் தெரிந்தது. முந்தைய பத்தாண்டுகளில் உலக மத்திய வங்கிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக 500 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வாங்கிவந்தன. உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்குப்படி 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. சீன மத்திய வங்கி 2022 நவம்பரிலிருந்து தொடர்ந்து 18 மாதங்கள் தங்கம் சேர்த்ததாக அறிவித்தது. போலந்து, துருக்கி, இந்தியா ஆகியவையும் பெரிய அளவில் வாங்கின.

இந்த வாங்குநர்கள் வட்டியைப் பார்த்துத் தங்கம் வாங்குபவர்கள் அல்ல. அமெரிக்கப் பத்திரம் 4 சதவீதம் தருகிறதா 5 சதவீதம் தருகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். நாளை அந்தப் பத்திரத்தை விற்கவிடுவார்களா என்பதே முதல் கேள்வி. சந்தையில் இப்படிப்பட்டவர்களின் பங்கு கூடியபோது, இரண்டையும் எதிரெதிராக நகர்த்திய அந்த மூன்றாமவரின் பிடி தளர்ந்தது.

எவ்வளவு தளர்ந்தது என்பதை ஓர் ஒப்பீட்டில் காணலாம். 2018 நவம்பரில் பத்தாண்டு அமெரிக்கப் பத்திரம் பணவீக்கம் போக ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் தந்தது. அப்போது தங்கம் 1,220 டாலர் பக்கம் இருந்தது. 2023 அக்டோபர் பிற்பகுதியில் அதே பத்திரம் பணவீக்கம் போக 2.4 சதவீதம் தந்தது. பழைய கணக்கு செல்லுபடியாகியிருந்தால் தங்கம் பாதாளத்தில் கிடந்திருக்க வேண்டும். அது 1,980 டாலரில் நின்றது. வட்டியைப் பார்க்கும் மேற்கத்திய முதலீட்டாளர்கள் பழைய கணக்கின்படியே நடந்துகொண்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. தங்க ஈ.டி.எஃப் நிதிகளிலிருந்து அவர்கள் அந்தக் காலத்தில் பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் விற்ற தங்கம் கிழக்கே போனது, விலை இறங்கவில்லை.

இப்போது 2024க்கு அந்த வகுத்தல் கணக்கைப் போடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் 2,060 டாலர், யூரோ 1.10. வகுத்தால் 1,873 யூரோ. முடிவில் 2,620 டாலர், யூரோ 1.04. வகுத்தால் 2,519 யூரோ. ஏற்றம் சுமார் 35 சதவீதம். டாலரில் 27, யூரோவில் 35. டாலர் வலுத்ததால் அமெரிக்க வரைபடம் ஏற்றத்தைக் குறைத்தே காட்டியிருக்கிறது.

அப்படியென்றால் நவம்பர் 6 அன்று பழைய விதி பலித்தது எப்படி? நிமிடத்துக்கு நிமிடம் விலையை நிர்ணயிக்கும் வணிகர்களும் கணினி நிரல்களும் இன்னமும் வட்டியையும் டாலரையும் பார்த்துத்தான் ஆணை போடுகிறார்கள். டாலர் துள்ளினால் அவர்கள் தங்கத்தை விற்பார்கள், விலை அன்று இறங்கும். மத்திய வங்கிகள் இறங்கிய விலையில் அமைதியாக வாங்கும். அன்றாட அசைவு முன்னவர்களுடையது, ஆண்டின் திசை பின்னவர்களுடையது.

வரைபடம் படிப்பவர்கள் தவறிவிடுவதும் இந்த இடத்தில்தான். ‘உறவு எண்’ என்று சொல்லப்படும் புள்ளிவிவரக் கணக்கு மைனஸ் 1க்கும் பிளஸ் 1க்கும் இடையே ஒரு எண்ணைத் தரும். அதை அன்றாடச் சதவீத மாற்றங்களில் போட்டால், ஒவ்வொரு நாளும் அந்தந்தத் தொடரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைத்தான் அது பார்க்கும். சராசரியே இரண்டுக்கும் மேல்நோக்கி இருந்தால் அது கணக்கில் வராது. அதனால் உறவு எண் மைனஸில் இருக்கும் அதே ஆண்டில் இரண்டு விலைகளும் ஏறி முடிய முடியும். மறுபக்கம், மாற்றங்களை விட்டுவிட்டு விலைகளையே வைத்துக் கணக்கிட்டால், நீண்டகாலம் ஒரே பக்கம் நகரும் எந்த இரண்டு தொடருக்கும் பெரிய உறவு எண் கிடைத்துவிடும். அதில் பொருள் ஒன்றுமில்லை.

இன்னொரு பொறி, ஒரே படத்தில் இரண்டு அச்சு. இடப்பக்கம் தங்கம், வலப்பக்கம் டாலர் குறியீடு. பல படங்களில் டாலரின் அச்சைத் தலைகீழாகத் திருப்பியும் வைத்திருப்பார்கள். அச்சின் அளவை இழுத்தும் சுருக்கியும் இரண்டு கோடுகளையும் ஒட்டிக்கொள்ளச் செய்ய முடியும், பிரித்துக் காட்டவும் முடியும். தங்கம் இருமடங்கான காலத்தில் டாலர் குறியீடு ஐந்து சதவீதம் நகர்ந்திருக்கும், படத்திலோ இரண்டும் ஒரே உயரத்துக்குத் துள்ளும். அப்படிப்பட்ட படத்தைக் கண்டால் முதலில் இரு ஓரங்களிலும் உள்ள எண்களைப் படியுங்கள், பிறகு கோடுகளைப் பாருங்கள்.

நம் ஊர் நகைக்கடையில் எழுதிவைக்கும் கிராம் விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. டாலர் விலையை 31.1ஆல் வகுத்து, ரூபாய் மாற்று விகிதத்தால் பெருக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்தால் சுத்தத் தங்கத்தின் கிராம் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். டாலர் வலுத்துத் தங்கம் சரியும் காலத்தில் பெரும்பாலும் ரூபாயும் சரியும். அதனால் அங்கே விழும் அளவுக்கு இங்கே விழாது. 2013இல் தங்கம் 1,660 டாலரில் இருந்து 1,200க்கு, 28 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டில் டாலர் 55 ரூபாயில் இருந்து 62க்குப் பக்கத்தில் போய் முடிந்தது. இறக்குமதி வரியும் 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 10 சதவீதமானது. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் ரூபாயில் வீழ்ச்சி சுமார் 14 சதவீதம்தான் வருகிறது. உலகத்தின் பாதி. டாலரும் தங்கமும் சேர்ந்து ஏறும் 2024 போன்ற ஆண்டுகளில் நமக்கு இரட்டை அடி. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15இல் இருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது, சென்னையில் ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. அதற்கும் டாலருக்கும் சம்பந்தமே இல்லை.

2025இன் முற்பாதியில் பழைய உறவு திரும்பிவிட்டதாகப் பலர் எழுதினார்கள். டாலர் குறியீடு ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. தங்கம் 2,620இல் இருந்து 3,300க்குப் போனது, 26 சதவீதம். படம் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. ஆனால் யூரோ 1.04இல் இருந்து 1.18 ஆகியிருந்தது. வகுத்துப் பார்த்தால் 2,519 யூரோ 2,797 ஆனது, ஏற்றம் 11 சதவீதம். ஆக டாலர் ஏற்றத்தில் பாதிக்கு மேல் டாலரின் சரிவிலிருந்து வந்தது, மீதி தங்கமே ஏறியது.

அந்தச் சரிவின் காரணமும் பழையது அல்ல. ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா உலக நாடுகள்மேல் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. அடுத்த வாரத்தில் பத்தாண்டு அமெரிக்கப் பத்திரத்தின் வட்டி 4 சதவீத அளவிலிருந்து 4.5 சதவீதத்தை நோக்கி ஏறியது. வழக்கமாக வட்டி ஏறினால் டாலர் ஏற வேண்டும், தங்கம் இறங்க வேண்டும். அந்த வாரம் டாலர் இறங்கியது, தங்கம் 3,200 டாலரைத் தாண்டியது. ஆட்கள் அமெரிக்கப் பத்திரத்தையே விற்றதால் வட்டி ஏறியது, விற்ற டாலரை வெளியே கொண்டுபோனதால் டாலர் இறங்கியது. டாலரும் தங்கமும் எதிரெதிராகத்தான் நகர்ந்தன. ஆனால் இரண்டையும் இதுவரை எதிரெதிராக நகர்த்திவந்த வட்டி, அந்த வாரம் அவற்றை நகர்த்தவில்லை. அதற்குப் பிறகு, 2025இன் பிற்பாதியில் டாலர் குறியீடு 96க்கும் 100க்கும் இடையே பெரிய அசைவின்றி நின்றது. தங்கம் அக்டோபர் 8 அன்று 4,000 டாலரைத் தாண்டியது. அந்த 700 டாலர் ஏற்றத்தில் டாலரின் பங்கு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை.